ரெஸ்யூமில் ‘நைட் ஆடிட்’ என்று இருந்தால் என்ன அர்த்தம்? ஒரு ஃப்ரண்ட் ஆபீஸ் விண்ணப்பத்தின் நிகழ்வு ஆய்வு

110 அறைகள் கொண்ட எங்கள் ஹோட்டலின் ஃப்ரண்ட் ஆபீஸுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. விளம்பரத்தில் மூன்று வேலைகள் குறிப்பிடப்பட்டிருந்தன. ஆபரா என்ற ஹோட்டல் மென்பொருளில் ரிசர்வேஷன்களைப் பார்க்க வேண்டும். அதில் ஆன்லைன் தளங்கள் வழியாக வரும் புக்கிங்குகளும் குழு புக்கிங்குகளும் அடங்கும். செக்-இன், செக்-அவுட், புகார்கள் என்று கெஸ்ட் தொடர்பான எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். மாதத்தில் ஒரு வாரம் நைட் ஷிஃப்ட்டில் இருந்து நைட் ஆடிட்டை, அதாவது அன்றைய கணக்கு முழுவதையும் சரிபார்த்து மூடும் வேலையை, தனியாக முடிக்க வேண்டும். அனுபவம் குறைந்தது இரண்டு ஆண்டுகள்.

இதற்கு வந்த விண்ணப்பங்களில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். விண்ணப்பித்தவர் யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வரிகளின் தன்மை மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் இந்தத் துறையில் வரும் ரெஸ்யூம்களில் பாதிக்கு மேல் இதே மாதிரியான வரிகள்தான்.

முதலில் விளம்பரத்தையே ஒருமுறை படிக்க வேண்டும். மூன்று வேலைகளும் ஒரே எடையுள்ளவை போல அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கின்றன, உண்மையில் அப்படி இல்லை. ரிசர்வேஷனில் புதியவர் தடுமாறினால் பகலில் பக்கத்திலேயே ரிசர்வேஷன் சூப்பர்வைசர் இருப்பார். கெஸ்ட் ஒருவர் கோபமாக வந்து நின்றால் டியூட்டி மேனேஜரைக் கூப்பிடலாம். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கணக்கு இடித்தால் கேட்க ஆள் கிடையாது. அந்த ஒரு வாரம் அவர் தனியாக இருக்கப் போகிறார். அதனால் இந்த விளம்பரத்தின் முதுகெலும்பு நைட் ஆடிட்தான் என்று முடிவு செய்தோம். வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொடுக்கக் கூடியவை எவை, வரும்போதே கையில் இருக்க வேண்டியவை எவை என்று பிரித்துக்கொண்டுதான் ரெஸ்யூமைத் திறந்தோம். ஆபரா தெரிவது முதல் வகை. வேறு ஏதாவது ஒரு ஹோட்டல் மென்பொருளில் நன்றாக வேலை செய்தவருக்கு இரண்டு வாரத்தில் அதன் திரைகள் பழகிவிடும். ஒரு நாளின் கணக்கை எந்த வரிசையில் மூடுவது, மூடும் முன் எதைச் சந்தேகப்படுவது என்பது இரண்டாம் வகை.

இனி ரெஸ்யூம். கடைசியாகப் பார்த்த வேலை 280 அறை ஹோட்டல் ஒன்றில், 14 மாதங்கள், கெஸ்ட் சர்வீஸ் அசோசியேட். அதன் கீழே நான்கு வரிகள்: ஆபராவில் வேலை செய்தேன், தினமும் 120 கெஸ்ட்கள் வரை செக்-இன், செக்-அவுட் செய்தேன், நைட் ஆடிட், கெஸ்ட் திருப்தியை உயர்த்தினேன். அதற்கு முன் 40 அறை ஹோட்டல் ஒன்றில் இரண்டே கால் ஆண்டு, ரிசப்ஷனிஸ்ட். அங்கே எழுதியிருந்தவை: ரிசப்ஷன், போன், புக்கிங், பில்லிங் எல்லாம், வாரத்தில் மூன்று நைட் ஷிஃப்ட், ரெஸ்டாரன்ட், பார் பில்களை அறைக் கணக்கோடு ஒத்துப் பார்த்து, கணினியில் தேதி மாற்றி, காலை ஆறு மணிக்குள் மேனேஜருக்கு ரிப்போர்ட் அனுப்புவது, ஹோட்டல் நிரம்பிய நாள்களில் கன்ஃபர்ம் ஆன கெஸ்ட்களுக்கு வேறு ஹோட்டலில் அறை ஏற்பாடு செய்தது. மென்பொருள் ஏதோ ஒரு சிறிய கிளவுட் மென்பொருள். அதற்கும் முன் ஆறு மாதப் பயிற்சி. இரண்டு வேலைகளுக்கும் இடையில் ஐந்து மாத இடைவெளி. கடைசியில் திறன்கள் என்ற தலைப்பில் ஆபரா, ஓ.டி.ஏ., சேனல் மேனேஜர், நைட் ஆடிட், குழு உணர்வு என்று ஒரு வரிசை. ஓ.டி.ஏ. என்பது ஆன்லைன் புக்கிங் தளம், சேனல் மேனேஜர் என்பது பல தளங்களில் அறைகளையும் வாடகையையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்.

மனிதவளத் துறையில் முதல் சுற்றில் பார்த்தவர் இதை ‘பொருந்துகிறது’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தார். காரணமாக எழுதியிருந்தது கடைசி வேலை: பெரிய ஹோட்டல், ஆபரா இருக்கிறது, நைட் ஆடிட் இருக்கிறது. முடிவு சரிதான். காரணம்தான் தலைகீழ். இந்த ரெஸ்யூமின் பலம் கடைசி வேலையில் இல்லை, யாரும் கண்டுகொள்ளாத அந்த 40 அறை ஹோட்டலில்தான் இருக்கிறது.

அந்த 120 என்ற எண்ணிலிருந்து தொடங்கலாம். ஃப்ரண்ட் ஆபீஸ் ரெஸ்யூமில் எண் ஒன்று கண்ணில் பட்டால் அதை அறைகளின் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்ப்பது அரை நிமிட வேலை. 280 அறை, 80 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் 224 அறைகளில் ஆள் இருக்கிறது. ஒரு கெஸ்ட் சராசரியாக இரண்டு இரவு தங்குகிறார் என்றால் தினமும் பாதி அறைகள், அதாவது 112 அறைகள் காலியாகி மீண்டும் நிரம்பும். இது முழு ஹோட்டலுக்கான கணக்கு. வருகையில் பெரும்பகுதி மதிய ஷிஃப்ட்டில் வரும். முக்கால்வாசி என்று எடுத்தால் 84. அந்த நேரத்தில் டெஸ்க்கில் நான்கு பேர் நின்றால் ஆளுக்கு 21 செக்-இன். ஆக 120 என்பது அந்த டெஸ்க் முழுவதும் ஒரு நாளில் பார்த்தது. தனி ஒருவரின் கை அல்ல.

இதைப் பொய் என்று ஒதுக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் குழுவின் எண்ணைத் தன் எண்ணாக எழுதுவது ஏமாற்றும் எண்ணத்தில் அல்ல, எண் போட்டு எழுதச் சொல்லி யாரோ அறிவுரை கொடுத்திருப்பார்கள். நமக்கு அந்த வரி சொல்வது இவ்வளவுதான்: கூட்டம் நிற்கும் டெஸ்க்கில் இவர் நின்றிருக்கிறார், வேகமாக வேலை செய்யப் பழகியிருப்பார். நம் ஹோட்டலில் 110 அறை, 75 சதவீதம், அதே இரண்டு இரவு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 41 வருகைகள். மதியம் இரண்டு பேர் நிற்கும் டெஸ்க்குக்கு அது ஆளுக்குப் பதினைந்து பதினாறு. அவர் பார்த்துவிட்ட வேகத்துக்குள் அடங்கும். அந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது.

அடுத்தது நைட் ஆடிட். இங்கேதான் ஹோட்டலின் அளவு எல்லாவற்றையும் மாற்றுகிறது. 280 அறை ஹோட்டலில் நைட் ஆடிட்டர் என்று தனியாக ஒருவர் இருப்பது வழக்கம், இல்லையென்றால் நைட் மேனேஜர் அதை நடத்துவார். டெஸ்க்கில் நிற்பவர் தன் கேஷியர் கணக்கை மூடுவார், இன்னும் வராத புக்கிங்குகளின் பட்டியலை எடுத்துக் கொடுப்பார், ரிப்போர்ட்களை அச்செடுத்து அடுக்குவார். அன்றைய கணக்கை மூடும் பொத்தானை அவர் அழுத்துவதில்லை. அதற்கு மென்பொருளில் அவருக்கு அனுமதியே இல்லாமல் இருக்கலாம். அங்கே இரவில் வேலை பார்த்த எவரும் ரெஸ்யூமில் ‘நைட் ஆடிட்’ என்று எழுதலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் நமக்குத் தேவையான வேலை அது அல்ல.

40 அறை ஹோட்டலில் இரவில் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். ரிசப்ஷனும் அவரே, போனும் அவரே, ஆடிட்டும் அவரே. வாரத்துக்கு மூன்று இரவு, இரண்டே கால் ஆண்டு என்றால் விடுப்பைக் கழித்த பிறகும் முந்நூறு முறைக்கு மேல் அவர் ஒரு நாளை மூடியிருக்கிறார். அதைவிட முக்கியம், அந்த வரி எழுதப்பட்டிருக்கும் விதம். ரெஸ்டாரன்ட், பார் பில்களை ஒத்துப் பார்த்து, அப்புறம் தேதி மாற்றி, அப்புறம் ரிப்போர்ட். வரிசை சரியாக இருக்கிறது. செய்யாதவர் எழுதினால் பொதுவாக ‘தினசரி ரிப்போர்ட்கள் தயாரித்தேன்’ என்பதோடு நின்றுவிடும், ஏனென்றால் வெளியே தெரியும் பகுதி அதுதான்.

வரிசை ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். இரவில் முதலில் இன்று வர வேண்டியவர்களில் யார் வரவில்லை, இன்று கிளம்ப வேண்டியவர்களில் யார் இன்னும் கணக்கில் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஹவுஸ்கீப்பிங் கொடுத்த அறை நிலையையும் கணினியில் இருப்பதையும் ஒப்பிட வேண்டும். கணினியில் ஆள் இருக்கும் அறை, உள்ளே போய்ப் பார்த்தால் காலி என்றால் பணம் கட்டாமல் போய்விட்டாரா, கட்டிவிட்டும் செக்-அவுட் போட மறந்தார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ரெஸ்டாரன்ட், பார் போன்ற இடங்களின் பில்கள் எல்லாம் மூடப்பட்டு அறைக் கணக்குகளில் ஏறிவிட்டனவா என்று பார்ப்பது. ஒவ்வோர் அறையின் வாடகையும் ஒப்புக்கொண்ட வாடகைதானா என்று ஒரு பார்வை. இவ்வளவும் முடிந்த பிறகுதான் அன்றைய அறை வாடகையும் வரியும் எல்லா அறைகளுக்கும் மொத்தமாக ஏறும். கணக்கு நேராகிறதா என்று பார்த்துவிட்டுத் தேதியை மாற்றுவது கடைசி. தேதி மாறிவிட்டால் திரும்பி வர முடியாது. தவறான வாடகை ஏறியிருந்தால் மறுநாள் கணக்கில் கழிவாகத்தான் திருத்தலாம், அதற்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், காலையில் கிளம்பும் கெஸ்ட் கையில் இரண்டு வரி குழப்பத்தோடு ஒரு பில் போகும். பாரில் மூடாமல் விட்ட பில் மறுநாள் வருமானமாகப் போய் உட்காரும்.

இதனால்தான் ஆடிட் செய்தவர்களிடம் பேசும்போது தேதி மாற்றுவதற்கு முன் என்னென்ன பார்ப்பீர்கள் என்று கேட்கிறோம். தேதி மாறிய பிறகு வரும் ரிப்போர்ட்களைப் பற்றி மட்டும் பேசுகிறவர் பொத்தானைத் தானே அழுத்தாமல் அதற்கு அந்தப் பக்கம் நின்றவர்.

ரெஸ்யூமில் இன்னொரு வரியும் இருந்தது: நிரம்பிய நாள்களில் கன்ஃபர்ம் ஆன கெஸ்ட்களுக்கு வேறு ஹோட்டலில் அறை ஏற்பாடு செய்தது. கெஸ்ட் திருப்தியை உயர்த்தினேன் என்பது எதையும் காட்டாது. எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு, எதை வைத்து அளந்தார்கள், இவர் செய்தது என்ன என்று ஒன்றும் இல்லை. அதைக் கழித்துவிட்டேன். ஆனால் வேறு ஹோட்டலில் அறை ஏற்பாடு செய்த வரி காட்டுவது மேசைக்கு முன்னால் நடக்கும் உரையாடல்களிலேயே கடினமான ஒன்று. புக்கிங் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம், இரவு பதினொரு மணிக்கு, பெட்டியோடு வந்து நிற்கும்போது, அறை இல்லை என்று சொல்ல வேண்டும். யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். மாற்று அறை உறுதியான பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். போக்குவரத்து, முதல் இரவின் வாடகை, மறுநாள் திரும்பி வருவாரா, அவர் பெயரில் வரும் போன்களை எங்கே திருப்புவது என்று ஒவ்வொன்றையும் முடிக்க வேண்டும். இதைச் செய்ததாக எழுதியிருப்பவரிடம் கேட்க நிறைய இருக்கிறது. சின்ன ஹோட்டலில் வேலை பார்த்ததால் இவரே செய்திருக்க வாய்ப்பும் அதிகம்.

இந்த வரியில் இன்னொரு காரணத்தாலும் நின்றுவிட்டேன். விளம்பரத்தின் மூன்று வேலைகளும் சந்திக்கும் புள்ளி இது. அறைகளுக்கு மேல் புக்கிங் எடுத்தது ரிசர்வேஷன். கெஸ்ட்டை அனுப்பிவைத்தது கெஸ்ட் ஹேண்ட்லிங். அன்றிரவு அந்தப் புக்கிங் கணினியில் என்ன நிலையில் இருக்கிறது என்பது நைட் ஆடிட். அதைச் சரிசெய்யாமல் விட்டால் வருகைப் பட்டியலில் வராதவராகவே நிற்கும், ஆடிட் ஓடும்போது நோ-ஷோ என்று குறிக்கப்படும், உத்தரவாதத்துக்குக் கொடுத்த கார்டில் ஓர் இரவு வாடகை போய்விடலாம். நாம் அறை கொடுக்காமல் அனுப்பிய ஆளிடமே வராததற்குப் பணம் பிடித்ததாக ஆகும். அந்தக் கெஸ்ட் மறுபடி நம் பக்கம் வரமாட்டார்.

ரிசர்வேஷன் பக்கம் ரெஸ்யூம் பலவீனம். ‘புக்கிங்’ என்ற ஒற்றைச் சொல்லும், திறன்கள் வரிசையில் ஓ.டி.ஏ., சேனல் மேனேஜர் என்பதும்தான். திறன்கள் பகுதியில் இருந்து வேலை அனுபவத்தில் எங்கும் தென்படாத சொல்லுக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. கேள்வியாக மட்டும் குறித்துக்கொள்வேன். குழு புக்கிங் பற்றி எதுவுமே இல்லை. அறைகளைத் தனியாக ஒதுக்கி வைப்பது, எந்தத் தேதிக்குள் பெயர்ப் பட்டியல் வராவிட்டால் மீதி அறைகளைத் திரும்ப விற்பனைக்கு விடுவது, எது குழுவின் பொது பில்லுக்குப் போக வேண்டும், எது தனி நபர் பில்லுக்குப் போக வேண்டும் என்று பிரித்து வைப்பது, இவை எல்லாம் 40 அறை ஹோட்டலில் அரிது. 280 அறையில் அதற்கென்றே தனி ஆள்கள் இருந்திருப்பார்கள். ஆக இவருக்குத் தெரியாது என்றே எடுத்துக்கொண்டோம். பகல் ஷிஃப்ட்டில் கற்றுக்கொடுக்கலாம்.

ஐந்து மாத இடைவெளியைப் பற்றி ஒரே ஒரு தடவை நேராகக் கேட்டோம், குடும்பக் காரணம் என்றார், அத்தோடு விட்டோம்.

ரெஸ்யூமை மூடியபோது கையில் இருந்த மதிப்பீடு இது. நைட் ஆடிட்: நேரடி அனுபவம் இருக்க நல்ல வாய்ப்பு, ஆனால் சிறிய அளவில், வேறு மென்பொருளில். கெஸ்ட் ஹேண்ட்லிங்: ஒரு வலுவான தடயம், மற்றவை வெறும் சொற்கள். ரிசர்வேஷன்: குறை, சரிசெய்யக் கூடியது. நேர்காணலுக்குக் கூப்பிடும் முன் போனில் இருபது நிமிடம் பேசினோம். வேலையைப் பற்றிக் கேட்டது முக்கியமாக மூன்றே கேள்விகள்.

முதல் கேள்வி, இரவில் கணக்கு 27 இடிக்கிறது, என்ன செய்வீர்கள்? அவர் சொன்ன பதில் அப்படியே ஆடிட் செய்த கையின் பதில். “சார், முதல்ல ஒன்பதால வகுபடுதான்னு பார்ப்பேன். வகுபட்டா யாரோ எண்ணை மாத்திப் போட்டிருக்காங்க, 63-ன்னு இருக்கிற பில்லை 36-ன்னு ஏத்தியிருப்பாங்க. பில் கட்டை எடுத்து அப்படி ஜோடியா வர்ற எண்ணைத் தேடுவேன். அது இல்லேன்னா ஒரு பில்லே ஏறாம இருக்கும்.” இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும், 63 கழித்தல் 36 சரியாக 27. இதை அவர் புத்தகத்தில் படித்திருக்கலாம். ஆனால் பில் கட்டு என்ற வார்த்தை புத்தகத்திலிருந்து வராது. அந்த ஹோட்டலில் ரெஸ்டாரன்ட் பில்களைக் கையால் அறைக் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள் என்பதும் அதிலிருந்தே தெரிந்தது.

அதுவே ஒரு குறையையும் காட்டியது. நம் ஹோட்டலில் ரெஸ்டாரன்ட் மென்பொருள் நேராக ஆபராவோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பில்கள் தாமாகவே ஏறும். இங்கே வரும் பிழை வேறு வகை. இணைப்பு நடுவில் அறுந்து, டெஸ்க்கில் உள்ளவர் அவசரத்துக்கு பில்லைக் கையால் ஏற்றி, பிறகு இணைப்பு திரும்பியதும் அதே பில் மறுபடி தானாக ஏறும். ஒரே கெஸ்ட்டுக்கு ஒரே தொகை இரண்டு முறை. அவரிடம் கேட்டபோது இதை அவர் பார்த்ததே இல்லை என்று தயங்காமல் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆளை இரவில் தனியாக விடலாம் என்பது என் கருத்து. ஊகத்தில் பொத்தானை அழுத்துபவரைவிட அவர் பாதுகாப்பானவர்.

இரண்டாவது கேள்வி, அந்த நிரம்பிய இரவைப் பற்றி. ஒரு குறிப்பிட்ட இரவைச் சொல்லுங்கள் என்றேன். கொடுக்கக் கூடிய எல்லா அறைக்கும் ஆள் வந்துவிட்டது, இன்னும் இரண்டு புக்கிங் பாக்கி, மணி பத்தரை. ஒரு புக்கிங் மூன்று இரவு, குழந்தைகளோடு வருகிறார்கள். இன்னொன்று தனி ஆள், ஓர் இரவு, காலையில் கிளம்பிவிடுவார். ஏதோ ஓர் அறை பழுதுபார்க்க ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அதில் பிரச்சினை ஏசியில் இல்லை, குளியலறைக் கதவில் என்று பார்த்து, பராமரிப்பு ஆளைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்து குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறார். தனி ஆளுக்கு அவர் வந்து சேரும் முன்பே பக்கத்து ஹோட்டலில் அறை பேசி, வண்டியும் சொல்லி வைத்திருக்கிறார். வந்தவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “மன்னிப்புக் கேட்டேன், ரூம் எங்க தப்புனாலதான் இல்லன்னு சொன்னேன். அங்க ரூம் ரெடி, வண்டி வெளியில நிக்குது, இன்னைக்கு வாடகை எங்களோடதுன்னு சொன்னேன். திட்டினார். கேட்டுக்கிட்டேன்.”

இந்தப் பதிலில் எனக்குப் பிடித்தது பழுதான அறையை முதலில் போய்ப் பார்த்தது. ஓவர்புக்கிங் இரவில் அனுபவம் இல்லாதவர்கள் நேரே வேறு ஹோட்டலைத் தேட ஆரம்பிப்பார்கள். அனுபவம் உள்ளவர்கள் முதலில் கணினி சொல்லும் அறைக் கணக்கைச் சந்தேகப்படுவார்கள்: ஒதுக்கி வைத்த அறை உண்மையிலேயே பழுதா, கிளம்பியவரின் அறை கணினியில் இன்னும் ஆள் இருப்பதாக நிற்கிறதா, ஒரே ஆள் பெயரில் இரண்டு புக்கிங் இருக்கிறதா? ஓர் அறையாவது பெரும்பாலும் அங்கிருந்து கிடைக்கும்.

அடுத்து, நான் காத்திருந்த கேள்வி. அந்தத் தனி ஆளின் புக்கிங்கை அன்றிரவு கணினியில் என்ன செய்தீர்கள்?

சிறிது நேரம் மௌனம். பிறகு, “கேன்சல் போட்டேன் சார், காரணத்துல எழுதினேன்” என்றார். கார்டில் பணம் பிடிக்கப்படாமல் பார்த்துக்கொண்டீர்களா என்றேன். கேன்சல் போட்டால் நோ-ஷோ பட்டியலில் வராது, அதனால் பிடிக்காது என்றார். சரி. ஆனால் அந்தப் புக்கிங் ஆன்லைன் தளத்தில் முன்பணம் கட்டி வந்தது என்றால்? கெஸ்ட் பணத்தைத் தளத்திடம் கட்டிவிட்டார், வாடகையை எடுத்துக்கொள்ளத் தளம் நமக்கு ஒரு விர்ச்சுவல் கார்டு கொடுத்திருக்கிறது. நம் கணினியில் மட்டும் கேன்சல் போட்டால் போதுமா? இங்கே அவருக்குத் தெளிவில்லை. தளத்தின் பக்கம் அந்தப் புக்கிங் உயிரோடு நிற்கும், நடந்ததைத் தளத்துக்கும் தெரிவித்து அங்கேயும் முடிக்க வேண்டும், அந்த விர்ச்சுவல் கார்டில் கை வைக்கக் கூடாது என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ரெஸ்யூமைப் படித்தபோது ரிசர்வேஷனில் இருந்த அதே ஓட்டை இங்கே கெஸ்ட் பக்கமாகத் திரும்பி வந்தது. திறன்கள் வரிசையில் இருந்த ஓ.டி.ஏ. என்ற சொல்லின் உண்மையான அளவு இப்போது தெரிந்துவிட்டது. புக்கிங் வந்தால் எடுத்துப் பார்க்கத் தெரியும், பணம் யார் கையில் இருக்கிறது என்ற பக்கம் தெரியாது.

இது சின்ன விஷயம் அல்ல. முன்பணம் கட்டி வந்த கெஸ்ட்டிடம் செக்-இன்னில் மறுபடி வாடகை கேட்பது டெஸ்க்கில் எழும் புகார்களில் அடிக்கடி வருவது. அதே புக்கிங்கில் தளம் கொடுக்கும் வாடகைத் தொகையைக் கெஸ்ட் கையில் தரும் பில்லில் காட்டிவிடுவது இன்னொன்று. தளத்தில் அவர் கட்டிய தொகையும் நமக்கு வரும் தொகையும் வேறாக இருக்கும், பிறகு அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். வாடகையைத் தனிக் கணக்குக்குத் திருப்பிவிட்டு, கெஸ்ட்டின் பில்லில் அவர் கூடுதலாக வாங்கியவை மட்டும் இருக்கும்படி வைப்பதுதான் வழி. ஆனால் இது கற்றுக்கொடுக்கக் கூடிய விஷயம். நாலைந்து புக்கிங்குகளை எடுத்துவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடியும்.

மூன்றாவது கேள்வி 280 அறை ஹோட்டலைப் பற்றி: அங்கே நைட் ஆடிட்டில் தேதியை மாற்றியது யார்? “நைட் மேனேஜர்தான் சார். நான் என் கேஷியரை மூடிட்டு, வராதவங்க லிஸ்ட் எடுத்துக் கொடுப்பேன்.” எதிர்பார்த்த பதில்தான். கேட்டதற்கு நேராகச் சொல்லிவிட்டதால் ரெஸ்யூமில் அந்த வரி இருந்ததை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு ஒருவர் இதே இடத்தில் நான்தான் மாற்றினேன் என்று சொல்லி, அடுத்த கேள்வியில் வரிசை தெரியாமல் விழித்திருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றிருக்கும்.

ரெஸ்யூமால் சொல்ல முடியாத ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. இரவில் தனியாக நிற்பவர் கையில் பணப்பெட்டியும் இருக்கிறது, பில்லில் கழிவு போடும் அனுமதியும் இருக்கிறது. அதைத் தாளிலோ போனிலோ அளக்க முடியாது. அதனால் 40 அறை ஹோட்டலின் பழைய மேனேஜரிடம், விண்ணப்பித்தவரின் சம்மதத்தோடு, பேசினோம். நல்லவரா, வேலை செய்வாரா என்று கேட்கவில்லை. அதற்கு எல்லோரும் ஆமாம் என்றே சொல்வார்கள். அவருடைய ஷிஃப்ட்டில் இரவில் உங்களுக்கு எத்தனை முறை போன் வரும், எதற்காக வரும், காலையில் வந்து அவர் போட்ட கழிவுகளைப் பார்த்தால் காரணம் எழுதியிருக்குமா என்று கேட்டோம். ஆரம்பத்தில் அடிக்கடி கூப்பிடுவார், பிறகு மாதத்தில் ஓரிரு முறைதான், காரணம் எழுதாமல் கழிவு போட்டதாக நினைவில்லை என்றார். ஆரம்பத்தில் கூப்பிட்டு, போகப் போகக் குறைந்தது என்பது கற்றுக்கொண்டவரின் அடையாளம். ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை என்று சொல்லியிருந்தால் அதைப் பற்றி இன்னும் விசாரித்திருப்பேன்.

இவரது ரெஸ்யூம் இன்னும் சுலபமாகத் தேறியிருக்கலாம். 40 அறை ஹோட்டலின் கீழே அவர் இப்படி எழுதியிருந்தால் போனில் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும்: “40 அறை, இரவில் தனி ஆள், வாரத்தில் மூன்று இரவு. வராதவர் பட்டியல், ரெஸ்டாரன்ட் மற்றும் பார் பில்களைக் கையால் ஏற்றி ஒத்துப் பார்த்தல், வாடகைச் சரிபார்ப்பு, தேதி மாற்றம், ஆறு மணிக்குள் ரிப்போர்ட்.” 280 அறைக்குக் கீழே: “நைட் ஆடிட்டில் நைட் மேனேஜருக்கு உதவி: கேஷியர் மூடுதல், வருகைப் பட்டியல். மதிய ஷிஃப்ட்டில் சராசரி 20 செக்-இன்.” எண் சின்னதாகத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டியதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அறை எண்ணிக்கையை வைத்து எப்படியும் அந்த எண்ணுக்குத்தான் வந்து சேரப் போகிறார்.

நேர்காணலுக்குப் பிறகு அவரை எடுத்துக்கொண்டோம். ஃபைலில் மூன்று குறிப்புகள் வைத்தோம். முதல் மூன்று வாரம் பகல் ஷிஃப்ட், அதில் ஆன்லைன் தளப் புக்கிங்குகளின் பணப் பாதையும் குழு புக்கிங்கும் ரிசர்வேஷன் சூப்பர்வைசரிடம். நான்காவது வாரம் நைட் ஷிஃப்ட், கூடவே ஏற்கெனவே ஆடிட் செய்யும் ஒருவர்; முதல் இரவு புதியவர் பார்ப்பார், அடுத்த மூன்று இரவுகள் புதியவர் செய்வார், மற்றவர் கையை வைக்காமல் பார்ப்பார். அந்த மூன்று இரவுகளில் ஒன்றில் ரெஸ்டாரன்ட் இணைப்பை வேண்டுமென்றே சிறிது நேரம் நிறுத்திவைத்து, இரட்டைப் பில்லை அவரே கண்டுபிடிக்கிறாரா என்று பார்ப்பது. கண்டுபிடிக்காவிட்டால் தனி இரவு ஒரு மாதம் தள்ளிப்போகும், வேலை போகாது.